பெட்டியில் 83 பதிவு, சர்வரில் 108: ஒரே காலை வேளைக்கு இரண்டு கணக்கு

ஏட்டுக்கணக்கு

பால் கூட்டுறவு ஒன்றியம் ஒன்றின் கணினிப் பிரிவில் இருக்கிறேன். ஊர்ப் பால் சங்கங்களில் எடை மெஷினும் டெஸ்ட் மெஷினும் ஒரு பெட்டியோடு இணைந்திருக்கும். பால் ஊற்ற ஊற்ற உறுப்பினர் எண், லிட்டர், ஃபேட், எஸ்.என்.எஃப். எல்லாம் பெட்டியில் ஏறிவிடும், வேளை முடிந்ததும் பெட்டிக்குள் இருக்கும் சிம் வழியாக மொபைல் டேட்டாவில் எங்கள் சர்வருக்கு வரும். இதுவரை புதிது ஒன்றுமில்லை.

ஒரு சங்கத்தில் காலை வேளைக்குப் பெட்டியில் 83 பதிவு, மொத்தம் 391.5 லிட்டர். சர்வரில் அதே சங்கம், அதே வேளைக்கு 108 பதிவு, 512.9 லிட்டர். பட்டுவாடா சர்வர் கணக்கை வைத்துத்தான் போகிறது, அதனால் இதை அப்படியே விட முடியாது. நாங்களாகக் கண்டுபிடிக்கவும் இல்லை. ஒரு உறுப்பினருக்கு ஒரே பாலுக்கு இரண்டு குறுஞ்செய்தி வந்திருக்கிறது, அவர் செயலாளரிடம் போனைக் காட்டி "ரெண்டு தடவை காசு வருமா"ன்னு கேட்டிருக்கிறார். அப்புறம்தான் தோண்டிப் பார்த்தோம்.

பெட்டி கொடுத்தவர்கள் சிக்னல் கோளாறு என்கிறார்கள், சர்வர் பார்ப்பவர்கள் பெட்டிக் கோளாறு என்கிறார்கள். எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

மின்கம்பி

இது லிட்டர், கிலோ குழப்பமாக இருக்கும். எடை மெஷின் கிலோவில் காட்டும், சர்வர் லிட்டராக மாற்றும்போது தப்பாகப் பெருக்கியிருப்பார்கள். எங்கள் பக்கம் இதே மாதிரி ஒன்று நடந்தது.

பழையநிரலர்

பால் ஒரு லிட்டர் சுமார் 1.03 கிலோ. 391.5 ஐ 1.03 ஆல் பெருக்கினால் 403 சொச்சம்தான் வரும், 512.9 வராது. அதோடு பதிவுகளின் எண்ணிக்கையே 83 லிருந்து 108 ஆகியிருக்கிறது, அளவுக் குழப்பம் பதிவின் எண்ணிக்கையைக் கூட்டாது.

ஏட்டுக்கணக்கு, எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். பெட்டி பதிவுகளை ஒவ்வொன்றாக அனுப்புகிறதா, கட்டுக்கட்டாகவா? கட்டாக என்றால் ஒரு கட்டில் எத்தனை? வித்தியாசம் சரியாக 25 என்பதுதான் என் கண்ணை உறுத்துகிறது.

ஏட்டுக்கணக்கு

கட்டாகத்தான் அனுப்புகிறது. ஒரு கட்டுக்கு 25. அப்படியானால் இந்த வேளைக்கு 25, 25, 25, 8 என்று நாலு கட்டு.

பழையநிரலர்

சரி, அப்படியானால் ஒரு முழுக் கட்டு இரண்டு முறை ஏறியிருக்கிறது. எந்தக் கட்டு என்று கண்டுபிடிப்பது சுலபம். கூடுதல் 121.4 லிட்டர். பெட்டியில் 1–25, 26–50, 51–75 என்று தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள், எதன் கூட்டுத்தொகை 121.4 வருகிறதோ அதுதான். பிறகு அந்தக் கட்டு போன நேரத்துக்குப் பெட்டியின் லாகையும் சர்வரின் லாகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போடுங்கள். இரண்டின் கடிகாரமும் சில நொடி முன்னே பின்னே இருக்கும், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

வெண்ணிலா

நானும் இதைக் கேட்க வேண்டும் என்றிருந்தேன். எங்கள் வீட்டு மாட்டுப் பாலுக்கு ஃபேட் 4.2 என்று சங்கத்தில் சீட்டு கொடுத்தார்கள், ஆனால் குறுஞ்செய்தியில் 4.0 என்று வந்தது. இதுவும் டேட்டா போகும் வழியில் குறைந்துவிடுமா?

பழையநிரலர்

வழியில் எண் தானாகக் குறையாதும்மா. பதிவு வந்தால் முழுதாக வரும், இல்லாவிட்டால் வராது. சீட்டு அடித்த பிறகு யாரோ திருத்தியிருக்கலாம், அல்லது மாதிரியை மறுபடி டெஸ்ட் போட்டிருக்கலாம். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சங்கத்தில் அன்றைய பதிவைக் காட்டச் சொல்லுங்கள். இந்த இழையில் பேசுவது வேறு விஷயம், ஆனால் திருத்தம் என்பது இங்கேயும் வரப்போகிறது என்று நினைக்கிறேன்.

ஏட்டுக்கணக்கு

26–50 கட்டுதான். கூட்டினால் மிகச் சரியாக 121.4.

பெட்டி லாக்:

```
07:52:10 POST batch=2 rows=26-50
07:52:40 timeout (30 s), retry
07:52:45 POST batch=2 rows=26-50
07:52:53 200 OK
```

சர்வர் லாக்:

```
07:52:51 batch=2 inserted 25 rows (41 s)
07:52:53 batch=2 inserted 25 rows (8 s)
```

பழையநிரலர்

இதில் எல்லாம் இருக்கிறது. பெட்டி கட்டை அனுப்பியது, கட்டு சர்வருக்குப் போய்ச் சேர்ந்தும் விட்டது. சர்வர் அதை எழுதி முடிக்க 41 நொடி எடுத்துக்கொண்டது, பெட்டியோ 30 நொடிக்கு மேல் பதிலுக்குக் காத்திருக்காது. பதில் வரவில்லை என்றதும் "போகவில்லை போல" என்று அதே கட்டை மறுபடி அனுப்பியது. சர்வருக்கு இது ஏற்கெனவே வந்த கட்டுதான் என்று தெரிய வழியே இல்லாததால் இரண்டையும் எழுதிவிட்டது. பெட்டி செய்ததும் சரி, சர்வர் செய்ததும் அதனளவில் சரி, இரண்டுக்கும் நடுவில் ஒப்பந்தம்தான் இல்லை.

சிக்னல் மேல் பழி போட்டவர்களிடம் இந்த ஆறு வரியைக் காட்டுங்கள். கட்டு போய்ச் சேர்ந்திருக்கிறது, தாமதம் முழுக்க சர்வரில். 7.50 வாக்கில் உங்கள் சங்கங்கள் அத்தனையும் வேளையை மூடும் நேரம், எல்லாரும் ஒரே சமயத்தில் வந்து கதவைத் தட்டுகிறார்கள். மற்ற நேரத்தில் இதே எழுதும் வேலை ஒரு நொடிகூட ஆகாது என்பது என் ஊகம், லாகில் பாருங்கள்.

மின்கம்பி

அப்போ காத்திருக்கும் நேரத்தை 30 லிருந்து 120 நொடியாக்கினால் முடிந்தது. கூடவே பெட்டியை 4ஜிக்கு மாற்றினால் டேட்டாவும் வேகமாகப் போகும்.

பால்சங்கத்தான்

நான் சங்கச் செயலாளர், கம்ப்யூட்டர் ஆள் இல்லை. 120 நொடி என்று சுலபமாகச் சொல்கிறீர்கள். வாசலில் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும், திரையில் "Sending..." என்றே நிற்கும், கட்டு நாலு என்றால் எட்டு நிமிடம் ஆகும் போலிருக்கிறதே. எங்கள் பையன் ஒரு நிமிடம் பார்ப்பான், நின்றுபோய்விட்டது என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி போடுவான். நானும் செய்திருக்கிறேன், எல்லாரும் செய்வதுதான். பெட்டி மறுபடி எழுந்ததும் "அனுப்பாத பதிவுகள் உள்ளன, அனுப்பவா" என்று கேட்கும், ஆம் என்று அமுக்குவோம்.

பழையநிரலர்

செயலாளர் ஐயா, நீங்கள் சொன்னதுதான் முக்கியமான தகவல். பிளக்கைப் பிடுங்கினாலும் இதே இரட்டைப் பதிவுதான் விழும், ஏனென்றால் சர்வர் எழுதிய பிறகு, பதில் வருவதற்குள், பெட்டி செத்துவிட்டது.

மின்கம்பி, நேரத்தைக் கூட்டினால் இது குறையும், ஒழியாது. எவ்வளவு நேரம் வைத்தாலும் சர்வர் எழுதி முடித்துப் பதில் அனுப்பும் அந்தச் சிறு இடைவெளியில் இணைப்பு அறுந்தால் பெட்டிக்கு ஒன்றும் தெரியாது. மொபைல் இணைப்பு அறுவதைத் தடுக்க முடியாது, அதனால் ஒரே கட்டு பத்து முறை வந்தாலும் ஒரு முறை வந்ததாகவே சர்வர் எடுத்துக்கொள்ளும்படி செய்வதுதான் வழி. 4ஜி பற்றி: ஒரு பதிவு நூறு பைட் என்றே வைத்துக்கொண்டாலும் 83 பதிவும் பத்து கிலோபைட்டைத் தாண்டாது. இதற்குப் பழைய 2ஜியே தாராளம். 2ஜியைப் பல நாடுகளில் நிறுத்திக்கொண்டு வருகிறார்கள், அதற்காக மாற்ற வேண்டி வரலாம், அது தனிக் கதை.

மின்கம்பி

சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் சர்வரில் ஒரு தடை போட்டுவிடலாமே. சங்க எண், தேதி, வேளை, உறுப்பினர் எண் நாலும் சேர்ந்து ஒரு முறைதான் வர வேண்டும் என்று `UNIQUE` வைத்தால் இரண்டாவது தானாகத் தள்ளுபடி ஆகிவிடும்.

பால்சங்கத்தான்

ஐயோ வேண்டாம். எங்களிடம் பாதிப் பேர் பசும்பால் ஒரு கேன், எருமைப்பால் ஒரு கேன் என்று தனித்தனியாக ஊற்றுகிறார்கள். பசும்பாலிலேயே சிலர் முதலில் ஒரு கேன் கொண்டுவருவார்கள், கடைசி நேரத்தில் மகன் இன்னொரு கேனைச் சைக்கிளில் கொண்டுவருவான். இரண்டாவதைத் தள்ளிவிட்டால் அந்த ஆள் பாலுக்குக் காசு வராது. பத்து நாள் கழித்துப் பட்டுவாடா அன்றைக்கு என் சட்டையைப் பிடிப்பார்.

பழையநிரலர்

ஆமாம். இரட்டைப் பதிவு விழுந்தால் ஒன்றியத்துக்கு நட்டம், அது என்றாவது கணக்கில் தெரிந்துவிடும். நல்ல பதிவைச் சத்தமில்லாமல் தள்ளினால் நட்டம் ஊற்றுபவருக்கு, அவர் கேட்டால்தான் தெரியும்.

அதனால் பாலின் விவரத்தை வைத்து அடையாளம் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். பெட்டி பதிவைச் சேமிக்கும் அந்த நொடியிலேயே அதற்கு ஓர் எண் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் ஒன்று கூடிக்கொண்டே போகும், வேளை மாறினாலும் தேதி மாறினாலும் 1 க்குத் திரும்பாது, மின்சாரம் போனாலும் மறக்காது. அதோடு பெட்டியின் எண்ணும் சேர்ந்தால் போதும்:

```
UNIQUE (device_id, seq_no)
```

சர்வரில் எழுதும்போது:

```
INSERT INTO pours (device_id, seq_no, member, litres, fat, snf)
VALUES (...)
ON CONFLICT (device_id, seq_no) DO NOTHING;
```

இரண்டாம் முறை வந்த கட்டுக்கும் சர்வர் `200 OK` என்றுதான் பதில் சொல்ல வேண்டும். "ஏற்கெனவே இருக்கிறது" என்று பிழை சொன்னால் பெட்டி அதைத் தோல்வி என்று நினைத்து நாள் முழுக்க அனுப்பிக்கொண்டே இருக்கும், நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பொறி: சிலர் அனுப்பும் நேரத்தில் கட்டுக்கு ஓர் எண் உருவாக்குவார்கள். மறுபடி அனுப்பும்போது புது எண் உருவாகிவிடும், அப்புறம் அந்தத் தடையால் பயனே இல்லை.

கொட்டில்

எங்கள் பெட்டியில் வரிசை எண் தினமும் 1 லிருந்துதான் ஆரம்பிக்கும், அதோடு தேதியும் வேளையும் சேர்த்து அடையாளமாக வைத்திருக்கிறோம். இதுவரை பிரச்சினை வரவில்லை. ஆனால் ஒரு சங்கம் மட்டும் சில நாளாக எதையும் அனுப்பவில்லை. சிக்னல் நாலு கட்டமும் நிறைந்து நிற்கிறது, சிம்மைக் கழற்றி என் போனில் போட்டால் நெட் ஓடுகிறது. பெட்டி மட்டும் "Upload failed" என்கிறது.

பழையநிரலர்

அந்தப் பெட்டித் திரையில் தேதி என்ன காட்டுகிறது?

கொட்டில்

கேட்டு எழுதுகிறேன்.

கொட்டில்

01-01-2000 காட்டுகிறதாம்!

பழையநிரலர்

அதுதான். உள்ளே காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும், மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓடவைப்பது அது. செத்துவிட்டால் ஒவ்வொரு மின்வெட்டுக்கும் தேதி பழைய இடத்துக்குப் போய்விடும். சர்வரோடு பேசும் இணைப்பு பூட்டப்பட்டது, அந்தப் பூட்டின் சான்றிதழுக்குச் செல்லுபடியாகும் தேதி உண்டு. பெட்டி தன்னை 2000 இல் இருப்பதாக நினைத்தால் "இந்தச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை" என்று இணைப்பை மறுத்துவிடும். விரிவான லாக் இருந்தால் `certificate is not yet valid` என்ற வரி இருக்கும். பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் ஓடும். பிறகு மொபைல் நெட்வொர்க்கிலிருந்தே நேரத்தை எடுத்துக்கொள்ளும்படி அமைப்பு இருக்கிறதா பாருங்கள்.

ஆனால் அனுப்ப வைப்பதற்கு முன் உள்ளே தேங்கியிருக்கும் பதிவுகளைப் பாருங்கள். தேதி மறந்த பெட்டி பல நாள் காலை வேளைகளை ஒரே "01-01-2000 காலை" என்று எழுதியிருக்கலாம். உங்கள் அடையாளம் தேதி, வேளை, வரிசை எண் என்றால் திங்கள் காலையின் 1 ஆம் பதிவும் செவ்வாய் காலையின் 1 ஆம் பதிவும் சர்வருக்கு ஒன்றுதான். இரண்டாவது விழாது, அல்லது முதலாவதன் மேல் ஏறி எழுதும். தேங்கியதை முதலில் பென்டிரைவில் எடுத்துவையுங்கள், அப்புறம் தேதியில் கை வையுங்கள்.

கொட்டில்

நல்லவேளை, ஆளை இப்போதே பெட்டியைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சீட்டுகளின் அடிக்கட்டை சங்கத்தில் இருக்கிறது, எந்தப் பதிவு எந்த நாள் என்று அதை வைத்துப் பிரித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

ஏட்டுக்கணக்கு

எங்கள் பெட்டிகளில் பதிவு எண் ஏற்கெனவே உள்ளுக்குள் இருக்கிறதாம், சர்வருக்கு மட்டும் அனுப்பவில்லையாம். அடுத்த மென்பொருள் மாற்றத்தில் சேர்த்துவிடுகிறோம் என்கிறார்கள். ஒரு சந்தேகம்: பெட்டி பழுதானால் ஒன்றியத்திலிருந்து மாற்றுப் பெட்டி போகும், பழையதின் நினைவு அட்டையை அதில் செருகிவிடுவார்கள். அப்போது `device_id` என்ன ஆகும்?

பழையநிரலர்

அனுப்பும் பெட்டியின் எண்ணைப் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். பழைய பெட்டி பாதி அனுப்பிவிட்டுச் செத்திருக்கும், அதே பதிவுகளைப் புதுப் பெட்டி தன் எண்ணில் அனுப்பும், சர்வருக்கு எல்லாமே புதிதாகத் தெரியும். பதிவைச் சேமிக்கும்போதே வரிசை எண்ணோடு பெட்டி எண்ணையும் அந்தப் பதிவுக்குள் எழுதிவிடச் சொல்லுங்கள். யார் சுமந்து வந்தாலும் பதிவின் பிறப்பு மாறாது.

அதோடு வேளையை மூடும்போது கடைசியாக ஒரு சிறு செய்தி: இந்த வேளைக்கு 83 பதிவு, 391.5 லிட்டர். சர்வர் தன்னிடம் இருப்பதைக் கூட்டிப் பார்த்து ஒத்துப்போனால்தான் வேளையை முடிந்ததாகக் குறிக்க வேண்டும். உங்களிடம் இந்த ஒன்று மட்டும் இருந்திருந்தால் அந்த உறுப்பினர் போனைக் காட்டும்வரை காத்திருந்திருக்க வேண்டியதில்லை.

பால்சங்கத்தான்

குளிர்விப்பான் அளவுகோலையும் பார்க்கலாமே? எங்கள் பால் நேராக அதில்தான் ஊற்றுகிறோம், கோல் போட்டால் எத்தனை லிட்டர் என்று தெரியும்.

பழையநிரலர்

பார்க்கலாம். 121 லிட்டர் மாதிரி பெரிய வித்தியாசத்துக்கு அது நல்ல சாட்சி, கோல் 390 பக்கம் காட்டினால் 512 பொய் என்று அடித்துச் சொல்லலாம். ஒரே ஒரு 4 லிட்டர் பதிவு இரட்டித்தால் கோலில் தெரியாது, நுரையும் தரைச் சாய்வும் அதற்கு மேல் பிழை காட்டும்.

ஏட்டுக்கணக்கு

புதுப் பதிவுகளுக்கு வழி தெரிந்துவிட்டது. சர்வரில் ஏற்கெனவே விழுந்துவிட்ட பழைய இரட்டைகளை எப்படிப் பிரிப்பது? அவற்றுக்குப் பதிவு எண் இல்லை.

பழையநிரலர்

பால் ஊற்றிய நேரம் நொடிவரை பதிவாகியிருந்தால் தப்பித்தீர்கள். டெஸ்ட் மெஷின் ஒரு மாதிரியைப் பார்த்து முடிக்கவே அரை நிமிடம் போல ஆகும், ஒரே பெட்டியில் ஒரே நொடியில் இரண்டு உண்மையான பதிவு வர முடியாது. அதனால் சங்கம், உறுப்பினர், நொடிவரை நேரம், லிட்டர், ஃபேட் எல்லாம் ஒன்றாக இருந்தால் இரட்டை. முழுக் கட்டாக அதே வரிசையில் வரும், பெரும்பாலும் 25, கடைசிக் கட்டானால் அதைவிடக் குறைவாக, அதுவும் ஓர் உறுதி. அழிக்காதீர்கள், "ரத்து" என்று குறியிட்டு யார், எப்போது என்று எழுதிவையுங்கள், தணிக்கையில் கேட்பார்கள்.

ஏட்டுக்கணக்கு

நொடிவரை இருக்கிறது. தேடிப் பார்த்தேன், வேறு சங்கங்களிலும் இதே மாதிரி 25, 25 ஆக விழுந்திருக்கிறது. எல்லாமே 7.45 க்கும் 8.10 க்கும் நடுவில்.

மின்கம்பி

அப்போ பெட்டிகள் ஆளுக்கு ஒரு நேரத்தில் அனுப்பட்டும். வேளை முடிந்ததும் சில நிமிடம் ஏதோ ஒரு கணக்கில் காத்திருந்து அனுப்பினால் நெரிசல் குறையும். இல்லையென்றால் பால் ஊற்ற ஊற்ற ஒவ்வொரு பதிவாகப் போய்விட வேண்டியதுதான்.

பழையநிரலர்

இரண்டும் நல்ல யோசனை. ஒவ்வொன்றாக அனுப்புவதில் மட்டும் பெட்டி எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

பால்சங்கத்தான்

பழைய பெட்டியில் அது ஆகாது. டேட்டா அனுப்பும்போது எடைத் திரை உறைந்துவிடும், அடுத்த ஆள் கேனைத் தூக்கிக்கொண்டு நிற்பார். வரிசை தெருவரை போகும்.

ஏட்டுக்கணக்கு

எங்களிடம் இரண்டு வகைப் பெட்டியும் உண்டு. பழையவற்றுக்குத் தள்ளித் தள்ளி அனுப்பும் முறை, புதியவற்றுக்கு ஒவ்வொன்றாக என்று பிரிக்கப் பார்க்கிறோம்.

இன்னும் ஒன்று இடிக்கிறது. செயலாளர் 4.8 லிட்டர் என்று இருக்க வேண்டியதை 8.4 என்று அடித்துவிட்டார் என்று வையுங்கள் (கையால் அடிக்கும் சங்கங்கள் இன்னும் உண்டு). அனுப்பிய பிறகு பெட்டியில் திருத்துகிறார், பெட்டி மறுபடி அனுப்புகிறது. `DO NOTHING` என்று வைத்தால் திருத்தம் சர்வரில் ஏறாதே?

பழையநிரலர்

ஏறாது. பதிவோடு திருத்த எண் ஒன்றையும் அனுப்பி, பெரிய எண் வந்தால் மட்டும் மேலே எழுதலாம்:

```
ON CONFLICT (device_id, seq_no) DO UPDATE
SET rev = EXCLUDED.rev, litres = EXCLUDED.litres
WHERE pours.rev < EXCLUDED.rev;
```

எனக்கு இதில் முழு மனசு இல்லை, பழைய 8.4 தடமே இல்லாமல் போய்விடும். பழையதை அப்படியே விட்டு, புது எண்ணில் 3.6 கழிக்கும் பதிவு ஒன்றைப் போடுவது எனக்குப் பிடித்த வழி. வெண்ணிலா கேட்ட 4.2, 4.0 மாதிரி விஷயத்தில் எது எப்போது மாறியது என்று காட்ட முடியும்.

பால்சங்கத்தான்

கழித்தல் பதிவு என்று சீட்டில் வந்தால் உறுப்பினர் சண்டைக்கு வருவார் ஐயா. "என் பாலில் ஏன் கழித்தாய்" என்பார். மேலே எழுதுவதே எங்களுக்கு நிம்மதி.

வெண்ணிலா

எங்களுக்கு அது நிம்மதி இல்லையே. திருத்தினால் திருத்தினோம் என்று குறுஞ்செய்தி வரட்டும், காரணமும் சொல்லட்டும்.

ஏட்டுக்கணக்கு

இதை மென்பொருள் பிரிவு மட்டும் முடிவு செய்ய முடியாது போலிருக்கிறது, நிர்வாகத்திடம் கொண்டுபோகிறேன். பதிவு எண்ணும் வேளை முடிவுச் செய்தியும் இரண்டு சங்கங்களில் முதலில் ஓட்டிப் பார்க்கப் போகிறோம். அதில் ஒன்றில் மின்வெட்டு அதிகம், வேண்டுமென்றே அதைத்தான் எடுத்தேன்.

கொட்டில்

நாங்கள் அடிக்கட்டையை வைத்துப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். இரண்டு நாளுக்கு அடிக்கட்டைப் புத்தகம் கிடைக்கவில்லை, தேடச் சொல்லியிருக்கிறேன். யாருக்காவது அந்தச் சின்ன பேட்டரியைப் பற்றவைக்காமல் மாற்ற வழி தெரியுமா? எங்கள் பெட்டியில் பலகையோடு ஒட்டியே வருகிறது.